பியூர் சில்க் என்று வாங்கினேன், பாலியெஸ்டர் வந்தது: விற்பனையாளரிடமிருந்து நுகர்வோர் ஆணையம் வரை

போன வருடம் மதுரையில் இருக்கும் என் சித்தி இணையதளம் ஒன்றில் ஒரு புடவை ஆர்டர் செய்தார். கிரகப்பிரவேசத்துக்குக் கட்ட, 7,450 ரூபாய்க்கு. அந்த ஒரு புடவைக்காக நான் எழுதிய மின்னஞ்சல்களும் மனுவும்தான் இந்தப் பக்கத்துக்கு அடிப்படை. அதற்கு அப்புறம் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்ட கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். விற்ற கடையின் பெயரும் தளத்தின் பெயரும் இங்கே வேண்டாம். சட்டமும் நடைமுறையும் இந்தியாவுக்கானவை.

தலைப்பில் "பியூர் சில்க்" என்று போட்டிருந்தார்கள். ஆனால் கீழே விவரத்தில் "ஆர்ட் சில்க்" என்று சின்னதாக இருக்கிறதே, நான்தான் ஏமாந்துவிட்டேனா?

இல்லை. ஆர்ட் சில்க்கில் உள்ள ஆர்ட் கலையைக் குறிப்பதல்ல, ஆர்டிஃபிஷியல், அதாவது செயற்கை என்பதன் சுருக்கம். தெரிந்தே இப்படிக் கலந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தலைப்பில் தூய பட்டு, படத்தில் காஞ்சிபுரம் கோபுர பார்டர், விவரப் பட்டியலில் எங்கோ ஓரிடத்தில் "துணி: சில்க் பிளெண்ட்". நீங்கள் புகார் செய்தால் அந்தக் கடைசி வரியைக் காட்டுவார்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தரும் விளம்பரத்தையும், பொருளின் தன்மை அல்லது தரம் பற்றி வாங்குபவரைத் தவறாக நினைக்க வைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. சின்ன எழுத்தில் உண்மை இருப்பதால் பெரிய எழுத்தில் உள்ள பொய் மறைந்துவிடாது. அதனால் இரண்டையும் படமெடுத்து வையுங்கள். கீழே உள்ள வரியை மறைத்துவிட்டுத் தலைப்பை மட்டும் காட்டினால், எதிர்த்தரப்பு அதைக் காட்டும் நாளில் உங்கள் மனுவே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முதலில் என்ன செய்ய வேண்டும்? போன் பண்ணிச் சண்டை போடவா?

போனை எடுக்கும் முன்னால் அந்தப் பொருளின் பக்கத்தைப் பிடித்து வையுங்கள். புகார் போன மறுநாளே விற்பனையாளர் "பியூர்" என்ற சொல்லை எடுத்துவிடுவதுண்டு. சித்தி விஷயத்தில் நாலு நாளில் தலைப்பு மாறிவிட்டது. அதற்குள் நான் பக்கம் முழுவதையும் பிடிஎஃப்பாகச் சேமித்திருந்தேன், முகவரிப் பட்டையில் இணைய முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்திருந்தேன். ஆர்டர் விவரம், பில், பார்சல் மேல் ஒட்டியிருந்த லேபிள், புடவையில் இருந்த டேக், பணம் போன யூபிஐ எண் எல்லாம் ஒரே கோப்புறையில். பார்சல் கவரைக் குப்பையில் போட வேண்டாம். பல நேரம் விற்பனையாளரின் முகவரி அந்த லேபிளில்தான் இருக்கும்.

போனில் பேசினால் பேசியதற்குச் சாட்சி இல்லை. பேசியே ஆக வேண்டும் என்றால், பேசி முடித்ததும் "இன்று காலை 11 மணிக்கு உங்கள் பிரதிநிதி இப்படிச் சொன்னார்" என்று மின்னஞ்சல் ஒன்று தட்டிவிடுங்கள்.

பட்டு இல்லை என்று எனக்குத் தெரிகிறது. அதை எப்படி நிரூபிப்பது?

வீட்டில் செய்யக்கூடியது எரித்துப் பார்ப்பது. முந்திக் குஞ்சத்திலிருந்தோ உள்பக்க ஓரத்திலிருந்தோ ஓரிரு இழை உருவி, சாமணத்தில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை விலக்கினால் மெல்ல அணையும், மிஞ்சிய கரி விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். ரேயான் என்றால் காகிதம் எரிகிற வாடை.

இதில் பலர் விடும் தவறு, ஒரே திசை இழையைப் பார்ப்பது. நீளவாக்கில் ஓடும் பாவில் பட்டும் குறுக்கே ஓடும் ஊடையில் பாலியெஸ்டரும் போட்டு நெய்த புடவைகள் உண்டு. குஞ்சம் என்பது பாவு நூல்தான், அது பட்டாகவே இருக்கும். அதனால் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என இரண்டையும் தனித்தனியாக எரியுங்கள். சித்தி புடவையில் குஞ்சம் பொடியானது, குறுக்கு இழை மணியாக உருண்டது. வீடியோ எடுத்துக்கொண்டோம்.

ஆனால் இது உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க மட்டும்தான். மறுதரப்பு மறுத்தால் ஆய்வக அறிக்கை வேண்டும். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் இயங்கும் சில்க் மார்க் அமைப்பு பட்டைப் பரிசோதித்துத் தருகிறது. கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கு என்று போனால் ஆணையமே மாதிரியை எடுத்து, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும் என்பது சட்டம், அந்தக் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். ஆகவே புடவையை வெட்டிச் சிதைத்துவிடாதீர்கள். கட்டவும் வேண்டாம், தண்ணீரில் நனைக்கவும் வேண்டாம்.

ரிட்டர்ன் பண்ண 7 நாள்தான் என்கிறார்கள். விசேஷத்துக்கு என்று வைத்திருந்தேன், பிரித்தபோது பத்து நாள் ஆகிவிட்டது. அவ்வளவுதானா?

சித்திக்கும் இதேதான். அக்டோபர் 9 அன்று வந்த பார்சலை 19ஆம் தேதி பிரித்தார்.

ஏழு நாள் என்பது கம்பெனி வைத்த கொள்கை. பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்றால் அந்தக் கொள்கைதான் உங்களுக்குக் கிடைப்பது. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்பது வேறு விஷயம். மின்வணிக விதிகள் 2020இன்படி, விளம்பரப்படுத்திய தன்மையோ அம்சமோ பொருளில் இல்லாவிட்டால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அந்த விதியில் ஏழு நாள் என்று எதுவும் இல்லை. ஆணையத்துக்குப் போக உங்களுக்கு உள்ள கால அவகாசம் இரண்டு வருடம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாமதமாகப் புகார் செய்தால் "வேறு புடவையைக் காட்டுகிறார்" என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்கிறோம். பார்சல் வந்த அன்றே, விசேஷம் எப்போதாக இருந்தாலும், பிரித்துப் பார்த்து மறுபடி மடித்து வைப்பது நல்லது. பிரிக்கும்போது லேபிளிலிருந்து தொடங்கி இடையில் நிறுத்தாமல் ஒரு வீடியோ.

விற்பனையாளரிடம் புகார் எழுதும்போது என்ன சொல்ல வேண்டும்?

காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கவனம் தேவை. செயலியில் "பிடிக்கவில்லை", "தரம் எதிர்பார்த்த அளவு இல்லை", "விவரித்தபடி இல்லை" என்று வரிசையாக இருக்கும். கோபத்தில் முதலில் கண்ணில் படுவதை அழுத்திவிடுகிறோம். "தரம்" என்று போட்டால் அது ரசனை சம்பந்தப்பட்ட புகார் ஆகிவிடும். "விவரித்தபடி இல்லை" என்பதுதான் உங்கள் வழக்கு, முதல் நாளிலிருந்து அதுவே இருக்கட்டும்.

எழுதும் செய்தி சின்னதாக இருந்தால் போதும். நாங்கள் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி:

"அக்டோபர் 3 அன்று ஆர்டர் செய்து 9 அன்று பெற்ற புடவை, உங்கள் பக்கத்தில் தூய பட்டு என விவரிக்கப்பட்டிருந்தது. ஊடை நூல் பாலியெஸ்டர். பக்கத்தின் படமும் நூலின் வீடியோவும் இணைத்துள்ளேன். புடவையை எடுத்துக்கொண்டு 7,450 ரூபாயை, நான் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்பவும்."

"ஏமாற்றுக்காரர்", "போலீசுக்குப் போவேன்" போன்ற வார்த்தைகள் வேண்டாம். நாளைக்கு ஆணையத்தில் உறுப்பினர்கள் படிக்கப்போவது இந்தச் செய்தியைத்தான்.

எங்களுக்கு வந்த பதில்: "மேடம், போட்டோகிராபி வெளிச்சத்தில் கலர் சற்று மாறலாம்." நாங்கள் கலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பொருளை முதலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பணம் தருகிறோம் என்கிறார்கள். அனுப்பலாமா?

தளத்தின் வழியாகவே பிக்கப் வந்தால் அனுப்பலாம். அதற்கு முன் டேக், மடிப்பு, நூல், எடை எல்லாவற்றையும் படமெடுத்து, பிக்கப் ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் செலவில் கூரியரில் நேராகக் கடைக்கு அனுப்பச் சொன்னால் நான் அனுப்ப மாட்டேன். புடவை போய்விட்டால் ஆய்வகத்துக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. "பயன்படுத்திய புடவை வந்திருக்கிறது" என்று அவர்கள் சொன்னால் மறுக்க வழியும் இல்லை.

தளத்தின் கஸ்டமர் கேரில் பத்து தடவை பேசியாச்சு. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

சாட்டில் இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். எந்த மின்வணிக நிறுவனமும் அப்படி ஒருவரை நியமித்து, பெயர், பதவி, தொடர்பு விவரங்களைத் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடிப்பகுதியில், விதிமுறைகள் பகுதியில் தேடினால் கிடைக்கும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட் எண்ணும் தர வேண்டும். அதற்கு முன் சாட்டில் கிடைத்த டிக்கெட் எண்களையெல்லாம் இந்த மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள்.

அதே மின்னஞ்சலில் இன்னொன்றையும் கேளுங்கள், விற்பனையாளரின் முழு முகவரியும் மின்னஞ்சலும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் தளம் அந்த விவரங்களைத் தர வேண்டும் என்பதும் அதே 2020 விதிகளில் உள்ளது. பலருக்கு இது தெரியாது. பிற்பாடு மனுவில் எதிர்மனுதாரர் முகவரி என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். சித்தி புடவையை விற்ற கடை சூரத்தில் இருப்பது எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

இந்தக் கட்டத்தில் ஆசை காட்டுவார்கள். எங்களுக்கு நவம்பரில் 1,500 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். "ஏற்கிறேன்" என்று அழுத்தினால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டோம். "உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?" என்று வரும் கேள்விக்கும் பழக்கத்தில் "ஆம்" போட்டுவிடாதீர்கள்.

நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்பவரிடம் கேளுங்கள் என்று தளம் கைகழுவுகிறதே?

எப்போதும் சொல்வதுதான். ஆணையத்திலும் அவர்களின் முதல் வாதம் இதுவாகத்தான் இருக்கும். சில வழக்குகளில் அந்த வாதம் எடுபடுகிறது, சில வழக்குகளில் எடுபடுவதில்லை. ஆனால் பொருளின் விவரமும் படமும் உண்மைக்குப் பொருந்தும் என்று விற்பனையாளரிடம் உறுதிமொழி வாங்க வேண்டியது தளத்தின் கடமை. பணத்தை வாங்கியதும் அவர்கள், குறைதீர் அலுவலரை வைத்திருப்பதும் அவர்கள். ஒரு மாதம் கடந்தும் அவர் தீர்வு தரவில்லை என்றால் அது தளத்தின் சொந்தத் தவறு. "இடைத்தரகர்" என்ற வார்த்தை அதை மூடாது. அதனால்தான் குறைதீர் அலுவலருக்கு எழுதுவதை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம் என்கிறேன். தளத்தை வழக்கில் சேர்க்க வலுவான காரணத்தைத் தருவது அந்த மின்னஞ்சல்தான்.

1915க்கு போன் செய்தால் பணம் கிடைத்துவிடுமா?

சில நேரம் கிடைக்கும். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in என்ற தளத்திலும் பதியலாம். அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, பதிலை வாங்கித் தருகிறார்கள். பெரிய தளங்களில் அந்தப் புகார்களைத் தனியாகக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள். சாட்டில் இரண்டு மாதம் இழுத்தது இங்கே பத்து நாளில் முடிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. நிறுவனம் "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது" என்று பதில் அனுப்பினால் புகார் அத்துடன் மூடப்படும். எங்களுக்கு அதுதான் நடந்தது. இருந்தாலும் வீணில்லை. நிறுவனம் எழுத்தில் தந்த அந்த ஒருவரிப் பதிலில் பட்டா இல்லையா என்பதைப் பற்றி ஒன்றுமே இல்லை. மனுவில் அதை அப்படியே இணைத்தோம்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வக்கீல் வேண்டுமா? எவ்வளவு செலவாகும்?

வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். முன்பு மன்றம் என்று சொன்னதைத்தான் இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்கிறோம்.

2019 சட்டத்தில் வந்த பெரிய வசதி, நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. கடை சூரத்தில், தளத்தின் அலுவலகம் வேறொரு மாநிலத்தில், சித்தி வழக்கு மதுரையில். தளத்தின் விதிமுறைகளில் "எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம்" என்று போட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது.

இணையத்தில் தாக்கல் செய்வது e-jagriti.gov.in வழியாக. மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் வைத்துப் பதிய வேண்டும். தேவைப்படுபவை: நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லும் மனு, அதற்கான பிரமாணப் பத்திரம், ஆவணங்கள், அவற்றுக்கு ஒரு பட்டியல். மேலே முதல் எதிர்மனுதாரராக விற்பனையாளர், இரண்டாவதாகத் தளம். பிடிஎஃப் மங்கலாக இருந்தாலோ பக்க எண் இல்லாவிட்டாலோ திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அது தள்ளுபடி இல்லை, சரிசெய்து மறுபடி ஏற்றினால் போதும். எங்களுக்கு ஒரு தடவை வந்தது.

மனுவில் எவ்வளவு கேட்கலாம்? ஐந்து லட்சம் நஷ்ட ஈடு கேள் என்கிறார் மாமா.

மாமா வரட்டும், அவரே வாதாடட்டும். 7,450 ரூபாய்ப் புடவைக்கு ஐந்து லட்சம் கேட்டால் மனுவின் நம்பகத்தன்மை குறையும். நாங்கள் கேட்டது: புடவை விலை, செலுத்திய நாளிலிருந்து வட்டி, மன உளைச்சலுக்கு 10,000, வழக்குச் செலவுக்கு 3,000. கிரகப்பிரவேசத்துக்கு அவசரமாக வேறு புடவை வாங்கிய பில்லையும் இணைத்தோம், மன உளைச்சல் என்ற சொல்லுக்குக் கையில் பிடித்துக் காட்ட ஒன்று வேண்டும் என்பதற்காக.

வழக்குக்கு முன் நோட்டீஸ் அனுப்புவது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் ஒன்று அனுப்பிவிடுங்கள். வழக்கு வரப்போகிறது என்று நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு முதலில் தெரிவது அப்போதுதான்.

எத்தனை மாதம் இழுக்கும்?

ஏற்கப்பட்ட மனுவின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும், ஆணையம் மேற்கொண்டு 15 நாள் தரலாம். அதற்கு மேல் கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. சட்டத்தில் உள்ள இலக்கு, ஆய்வகம் தேவையில்லாத வழக்கு மூன்று மாதம், தேவைப்படுவது ஐந்து மாதம். நடைமுறையில் ஒரு வருடம் தாண்டுவது சகஜம். காணொளியில் ஆஜராக அனுமதி கேட்கலாம்.

ஆனால் சின்னத் தொகை வழக்குகள் தீர்ப்பு வரை போகாமலே முடிவதுண்டு. ஒரு புடவைக்காக மதுரைக்கு வக்கீலை அனுப்பும் செலவு புடவை விலையைவிட அதிகம். சித்தி ஜனவரியில் மனு போட்டார். மார்ச்சில், முதல் வாய்தாவுக்கு முன்னாலேயே, தளத்தின் சட்டப் பிரிவிலிருந்து போன் வந்தது. முழுத் தொகையும் செலவுக்கு 2,000 ரூபாயும் தருகிறோம், வழக்கை முடித்துக்கொள்ளலாமா என்றார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் சமரச மனுவில் கையெழுத்துப் போட்டார். வரிசை முக்கியம், முதலில் பணம், பிறகு கையெழுத்து.

இன்ஸ்டாகிராமில் ஒரு அக்காவிடம் வாங்கினேன். அங்கே தளம் என்று யாரும் இல்லையே?

விற்பனையைத் தொழிலாகச் செய்பவர் என்றால் சட்டம் அவருக்கும் பொருந்தும், வழக்கும் போடலாம். சிக்கல் முகவரிதான். யூபிஐ பெயர், கூரியர் லேபிள், ஜிஎஸ்டி எண் இவற்றிலிருந்துதான் ஆளைப் பிடிக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பிளாக் செய்துவிட்டுக் கணக்கையே மூடிவிட்டார் என்றால் அது மோசடி. ஆணையத்தைத் தேடாமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடியுங்கள். அங்கே மணி நேரங்கள்தான் கணக்கு.

உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால்?

அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மேல்முறையீடு செய்ய அவர்களுக்கு 45 நாள் அவகாசம். உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டினால்தான் மாநில ஆணையம் அந்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளும்.